மூன்றாவது நிறுத்தத்துக் குரல்

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு ஷூ தொழிற்சாலையில் எனக்குக் கொள்முதல் பிரிவில் வேலை. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். வெளியிலிருந்து வரவேண்டிய சரக்கு, வரவேண்டிய நாளில், குறைந்த செலவில் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் தையல் லைன் நிற்கும், எல்லோரும் என் மேசையைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

சோல், லேஸ், பக்கிள், அட்டைப்பெட்டி என்று எங்களுக்குச் சின்னச் சின்ன இடங்களிலிருந்துதான் சரக்கு வரும். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு குட்டி வண்டி பிடித்து அனுப்புவார்கள். லேஸ்காரரின் வண்டியில் நாலு மூட்டை கிடக்கும், மீதி காற்று. அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் வாடகை. அது தனியாகக் கண்ணில் படாது, சரக்கின் விலைக்குள் ஒளிந்திருக்கும். காலையில் எங்கள் கேட்டில் வண்டிகள் வரிசையாக நின்று ஹார்ன் அடிக்கும். இறக்குவதற்கு ஆள் போதாது.

இதை மாற்றும் வேலையை மேனேஜர் என்னிடம் கொடுத்தார். கிராமங்களில் பால் சொசைட்டி வண்டி வீடு வீடாகக் கேனை எடுத்துக்கொண்டு ஒரே நடையாகப் போகிறதல்லவா, அதே முறை. தொழிற்சாலைகளில் இதற்கு மில்க் ரன் என்றே பெயர். நாமே ஒரு லாரியை மாத வாடகைக்கு எடுத்து, ஒரு சுற்றுப்பாதை போட்டு, இன்ன நேரத்துக்கு இன்ன இடம் என்று அனுப்புவது. போகும்போது காலி கிரேட்டுகளை, அதாவது பிளாஸ்டிக் பெட்டிகளை, இறக்கிவிட்டு, நிரம்பியதை ஏற்றிக்கொள்ள வேண்டும். சப்ளையர்களிடம் "இனிமேல் வண்டிச் செலவு உங்களுக்கு இல்லை, அதை விலையிலிருந்து கழித்துவிடுங்கள்" என்று பேசினேன். ஐந்து வண்டி அரைகுறையாக வந்த இடத்தில் ஒரே வண்டி முழுசாக வந்தது. ஒரு ஜோடி ஷூவுக்கு விழும் சரக்குப் போக்குவரத்துச் செலவு நன்றாகவே இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வந்ததால் ஸ்டோரிலும் குவியல் குறைந்தது.

பாதையை நானே போட்டேன். வாணியம்பாடிக்குள் நுழையுமுன் முதலில் சோல். கனமான சரக்கு, லாரியின் அடியில் போகவேண்டும். பிறகு ஊருக்குள் லேஸ். மூன்றாவது, ஏலகிரி மலையடிவாரத்தில் இன்சோல், அதாவது ஷூவுக்குள் பாதம் படும் மெத்தை அட்டை. திரும்பும் வழியில் பக்கிள். கடைசியாக ஆம்பூர் எல்லையில் அட்டைப்பெட்டி. அது எடை இல்லாதது, ஆனால் இடத்தை அடைத்துவிடும், அதனால் கடைசி.

இதில் ஒரு கட்டுப்பாடு முக்கியம். ஒரு இடத்தில் தாமதமானால் பின்னால் உள்ள எல்லா இடமும் தாமதம். அதனால் சரக்கு முன்கூட்டியே எடுத்து வெளியே வைத்திருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் லாரி நிற்காது. காலையில் வண்டி கிளம்புமுன் எல்லோரும் வாட்ஸ்அப்பில் "ரெடி" சொல்லிவிட வேண்டும். சொல்லாத இடத்துக்கு வண்டி வீணாகப் போகாது.

மற்ற நால்வரும் எழுதி அனுப்புவார்கள். இன்சோல்காரர் மட்டும் குரலில் அனுப்புவார். "மேடம், சரக்கு ரெடி. வண்டி வரலாம்."

அவரைப் பழைய நாட்களில் வாரம் இரண்டு முறை பார்ப்பேன். சரக்கைத் தானே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார். இறக்கி முடித்ததும் என் மேசைக்கு வந்து, நின்றபடியே, "வேற இன்னா மேடம், புது மாடல் ஏதாச்சும் வருதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். சட்டைக் கையில் எப்போதும் ஃபோம் வெட்டிய நுரைத்தூள் ஒட்டியிருக்கும். மில்க் ரன் வந்த பிறகு அவர் வரவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. யாரும் வரவேண்டிய அவசியம் இல்லை. கேட்டில் சத்தம் அடங்கியதை மேனேஜர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டினார்.

திட்டம் தொடங்கியது ஆடியில். மாசியில் டீசல் செலவைப் பார்த்துவிட்டு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"மலையடிவாரத்து ஸ்டாப் மட்டும் ரொம்ப உள்ள இருக்கும்மா. மெயின் ரோட்டுக்கு அவரையே கொண்டுவந்து வைக்கச் சொல்லு. இல்லன்னா அவரை விட்டுட்டு சென்னைல வாங்கலாம்."

நான் இன்சோல்காரரை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. சற்று நேரத்தில் குரல் செய்தி வந்தது. "வேலையா இருக்கேன் மேடம், அப்புறம் பேசுறேன்." அவர் பேசவில்லை. மறுநாள் மறுபடி அழைத்தேன். அதே பதில்.

அன்று மதியம் சாப்பிட்டு முடித்துவிட்டு, எப்போது பேசலாம் என்று கேட்க அவருடைய உரையாடலைத் திறந்தேன். விரல் தவறி முந்தைய நாள் குரலில் பட்டது. அது முடிந்ததும் அன்றையதையும் ஓடவிட்டேன்.

"வேலையா இருக்கேன் மேடம்" என்பதற்கு முன் ஒரு சின்னச் செருமல். பின்னணியில் ரயிலின் ஊதல், நீளமாக. கடைசிச் சொல்லின் மேல் ஒரு குக்கர் விசில். இரண்டிலும் அப்படியே. அதே செருமல், அதே ரயில், அதே இடத்தில் அதே விசில்.

மேலே போனேன். "சரக்கு ரெடி. வண்டி வரலாம்." அன்றைய காலை. அதற்கு முந்தைய காலை. போன வாரம். ஒவ்வொன்றிலும் 'ரெடி'க்குப் பிறகு ஒரு காகம் இரண்டு முறை கரைந்தது. தையில் அதே காகம். மார்கழியில் அதே காகம். நான் அவற்றை எப்போதும் முழுசாகக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் பெயருக்கு நேரே மைக் அடையாளம் வந்தாலே ரெடி என்று எடுத்துக்கொள்வேன்.

பக்கத்து மேசையில் யாரோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நல்ல வெயில். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

மாலையில் லாரி ஓட்டுநர் சாவியைக் கொடுக்க வந்தபோது நிறுத்திக் கேட்டேன். ஆம்பூர்க்காரர், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். "பாய், இன்சோல் சார் எப்படி இருக்காரு? பாத்தீங்களா?"

அவர் சாவியை மேசைமேல் வைத்தார். "நான் பாத்து ரொம்ப நாளாச்சு மேடம். மொதல்ல எல்லாம் கேட்டாண்ட நின்னு டீ குடுப்பாரு. அப்புறம் ஆளே வெளிய வர்றதில்ல. கிரேட் மட்டும் வெளிய அடுக்கி இருக்கும். காலிய வெச்சுட்டு எடுத்துட்டு வந்துருவேன்."

"கூப்பிட்டுப் பாக்கலியா?"

"வெல கம்மி பண்ணிட்டாங்கன்னு கோவமா இருக்காரு போலன்னு நெனச்சேன். நமக்கும் டைம் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. தெரு மொனைல திரும்பும்போது உள்ள மிஷின் ஓடுற சத்தம் கேக்கும். வண்டி போய் நின்னதும் நின்னுடும். நான் கெளம்பி மொனை தாண்டுனா மறுபடி ஓடும். தெனமும். எனக்கு அந்த எடத்துல எறங்கவே ஒரு மாதிரியா இருக்கு மேடம்."

மறுநாள் நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். பாதையை நேரில் பார்த்து நேரம் குறிக்கிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன், அதுவும் பொய்யில்லை. கிளம்புமுன்னே மூன்றாவது நிறுத்தத்திலிருந்து குரல் வந்துவிட்டது. ரெடி, காகம், வண்டி வரலாம்.

சோல் ஏற்றினோம், லேஸ் ஏற்றினோம். வாணியம்பாடியிலிருந்து திருப்பத்தூர் சாலையில் போய், மலை பெரிதாகிக்கொண்டே வரும் பக்கம் உள்ளே திரும்பினோம். தென்னந்தோப்புக்கு அப்பால் ரயில் போகும் சத்தம் கேட்டது. காலை பத்து மணிக்குமேல் இருக்கும். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, இன்ஜினை அணைக்கச் சொன்னேன்.

"நான் வரட்டுமா மேடம்?"

"வேண்டாம் பாய். நான் கூப்பிட்டா வாங்க."

நடந்தேன். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. வாசலில் எங்கள் நீலக் கிரேட்டுகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன, மேலே தூசு படாமல் துணி போர்த்தி. ஷட்டர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. உள்ளே அட்டை வெட்டும் கட்டிங் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. இரும்பு இறங்கும் ஓசை, ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி ஓசை. நிதானமான கை. என் காலடிக்கு அது நிற்கவில்லை. லாரிச் சத்தத்துக்குத்தான் நிற்கும் போல.

ஷட்டர் அருகே சுவரோடு நின்று, அவர் எண்ணை அழைத்தேன்.

உள்ளே போன் அடித்தது. பிரஸ் நின்றது. போன் அடித்துக்கொண்டே இருந்து, அடங்கியது. யாரும் எடுக்கவில்லை. உள்ளே யாரும் வாய் திறக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் என் மூச்சே எனக்குக் கேட்டது. அந்த அமைதிக்குள் என் கையில் போன் அதிர்ந்தது. குரல் செய்தி. நான் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன்.

செருமல். "வேலையா இருக்கேன் மேடம், அப்புறம் பேசுறேன்." ரயில். குக்கர்.

தோப்புக்கு அப்பால் அப்போது ரயில் எதுவும் இல்லை.

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஏன் ஓடவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. குனிந்து ஷட்டருக்கு அடியில் நுழைந்தேன்.

பிரஸ் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். முடியை இறுக்கிக் கட்டி, புடவைமேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார். கையில் போன். என்னைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சட்டைக் கையில் நுரைத்தூள்.

"மேடமா?" என்றார். அவர் குரல் எனக்குப் புதிது. என் முகம் அவருக்குப் புதிதில்லை. "போட்டோல பாத்திருக்கேன்."

"சார் எங்கே?"

அவர் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அலமாரிக்கு மேல் இன்சோல்காரரின் படம் இருந்தது, பொட்டு வைத்து, காய்ந்த மாலையோடு.

"எப்போ?"

"தீபாவளிக்கு முன்னாடி. ஆந்திராவுல குப்பம் பக்கம் அவரு ஊரு. சாமி கும்பிடப் போனோம். நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அங்கயே எல்லாம் பண்ணிட்டு வந்துட்டோம்."

ஐப்பசியிலிருந்து மாசி வரை. நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"ஆர்டர் அவரு பேர்ல. ஆள் இல்லைன்னு தெரிஞ்சா நிறுத்திடுவீங்கன்னு பயம். பொம்பள தனியா பிரஸ் ஓட்டுறான்னா யாரு ஒத்துப்பாங்க? வெட்டுற வேல எனக்குத் தெரியும் மேடம், கல்யாணம் ஆனதுலருந்து கூட நின்னு செஞ்சதுதான். பேசத்தான் தெரியாது. யாராச்சும் இங்க வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வண்டிதான் வரும், பத்து நிமிஷத்துல போய்டும். அது எனக்கு சவுரியமா ஆய்டுச்சு."

பிறகு போனைக் காட்டினார். கணவர் எனக்கும் மற்றவர்களுக்கும் அனுப்பியிருந்த பழைய குரல்களையெல்லாம் வேண்டும்போது எடுக்க வசதியாகக் குறித்து வைத்திருந்தார். ரெடி என்பது ஒன்று. வேலையா இருக்கேன் ஒன்று. "சரி மேடம், பண்ணிடலாம்" ஒன்று. நான் என்ன எழுதினாலும் அதற்குப் பொருந்துவதை எடுத்து அனுப்புவார். மார்கழியில் ஒருநாள் கூடுதல் கிரேட் கேட்டேன், "சரி மேடம், பண்ணிடலாம்" என்று வந்தது. பொங்கல் வாழ்த்து அனுப்பினேன், "உங்களுக்கும் மேடம்" என்று வந்தது. அது அதற்கு முந்தைய வருஷப் பொங்கலுக்கு அவர் நிஜமாகவே எனக்குச் சொன்னது.

இன்னொன்றும் இருந்தது. "உடம்பு கொஞ்சம் சரியில்ல மேடம். நாளைக்கு தர்றேன்." அதைச் சொன்ன வாரத்தில்தான் ஊருக்குப் போயிருக்கிறார். பிறகு எப்போதாவது சரக்கு முடியாத நாட்களில் அந்த அம்மா அதையே அனுப்பியிருக்கிறார். தையில் அது வந்தபோது நான் "உடம்பைப் பாத்துக்கோங்க சார், ரெஸ்ட் எடுங்க" என்று எழுதியிருந்தேன். திரையில் அந்த வரிகள் அவர் போனிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தன.

"நீங்க அத எழுதினப்போ நான் அழுதுட்டேன் மேடம்" என்றார்.

வெளியே பாய் ஹார்ன் அடித்தார். பயந்துபோயிருந்தார். நான் வெளியே வந்து கையசைத்ததும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த அம்மாவும் பின்னாலேயே வந்து, முதல்முறையாக அவரோடு சேர்ந்து கிரேட்டுகளைத் தூக்கிக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். பாய் கிரேட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஏந்தி ஏதோ முணுமுணுத்தார். பிறகு, "டீ குடிச்சுட்டுப் போங்க பாய்னு சொல்லுவாரும்மா" என்றார். கிரேட்டை மறுபடி தூக்கினார்.

அன்று அந்த நிறுத்தத்தில் வெகுநேரம் ஆகிவிட்டது. பக்கிள்காரர் இரண்டு முறை அழைத்துவிட்டார்.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "இத்தனை மாசம் இல்லாத ஆள் பேர்ல பர்ச்சேஸ் ஆர்டர் போட்டிருக்கோமா? ஆடிட்ல தெரிஞ்சா என்னம்மா சொல்றது?"

"சரக்குல ஒரு குறையும் வரல சார். ஒரு கிரேட்கூட ரிஜெக்ட் ஆகல."

"அதுக்கு? எப்படியும் அந்த ஸ்டாப்பை எடுக்கணும்னுதான இருந்தோம்."

நான் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். லாரிக்கு மாத வாடகை. உள்ளே போனாலும் போகாவிட்டாலும் அது மாறாது. அந்த நிறுத்தத்தை எடுத்தால் மிச்சமாவது வளைந்து போகும் தூரத்துக்கான டீசல் மட்டுமே. சென்னையில் வாங்கினால் இன்சோல் தனியாகப் பார்சல் சர்வீஸில் வரும், அதற்கான வண்டிச் செலவு மறுபடி விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். போதாததற்கு மொத்தமாக வாங்கி ஸ்டோரில் அடுக்க வேண்டும். எதை ஒழிக்க இந்தத் திட்டம் போட்டோமோ அதையே திரும்பக் கொண்டுவருவோம். வளைவைக் குறைக்க வேண்டுமானால், இன்சோல் இடம் அடைக்காத சரக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் இரட்டிப்பாக எடுக்கலாம். அந்த அம்மாவை மெயின் ரோட்டுக்குத் தூக்கிவரச் சொல்ல வேண்டாம்.

அவர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "பேரை மாத்துற பேப்பர் எல்லாம் வாங்கு. குவாலிட்டி ஆளைப் போய் ஒரு தடவை பாக்கச் சொல்லு" என்றார்.

பங்குனி முடிவதற்குள் ஆர்டர் அந்த அம்மா பெயருக்கு மாறிவிட்டது. வண்டி ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறது. காலையில் அவரே எழுதி அனுப்புகிறார், எழுத்துப் பிழைகளோடு. 'சறக்கு ரெடி.' எண்ணும் முகப்புப் படமும் மட்டும் அவர் கணவருடையவை. பெயருக்கு நேரே எழுத்து வரும் ஒவ்வொரு காலையும் எனக்கு ஒரு நொடி மூச்சு நிற்கும், பிறகு சரியாகிவிடும்.

சித்திரையில் புதிய பாதையைச் சரிபார்க்க மறுபடி லாரியில் போனேன். ஷட்டர் முழுசாகத் திறந்திருந்தது. பாய் கிரேட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் டீ டம்ளரோடு கொட்டகைக்குள் நின்றிருந்தேன். மேசைமேல் போன் அடித்தது. அந்த அம்மா திரையைப் பார்த்தார், எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும், விரலால் தேடி எதையோ தொட்டு அனுப்பினார். சரியாகப் போயிற்றா என்று பார்க்கவோ என்னவோ, ஒருமுறை அதை ஓடவிட்டார்.

"அடுத்த வாரம் செட்டில் பண்ணிடுறேன்ணா" என்றார் இறந்துபோனவர், கொட்டகையின் நடுவில், தெளிவாக.

லாரியில் கிரேட் ஏற்றும் சத்தம் நின்றது. பாய் திரும்பிப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"ராணிப்பேட்டைல ஃபோம் ஷீட் குடுக்குறவரு" என்றார் அந்த அம்மா, தலையை நிமிர்த்தாமல். "அவருக்கு இன்னும் சொல்லல. அவங்களும் இப்போ உங்கள மாதிரிதான், எல்லா கடைக்கும் சேத்து ஒரே வண்டில அனுப்பிடுறாங்க. யாரும் நேர்ல வர்றதில்ல."

"சொல்லிடுங்கம்மா" என்றேன்.

"சொல்லணும்" என்றார். போனைத் துணியால் துடைத்து அலமாரியில் வைத்தார். பிரஸ் பக்கம் திரும்பிவிட்டார்.

அங்கிருந்து கிளம்பி, பக்கிள் ஏற்றிக்கொண்டு, அட்டைப்பெட்டிக்காரரின் இடத்துக்கு வந்தோம். அங்கே கட்டுக் கட்டாகப் பெட்டிகள் வெளியில் தயாராக இருந்தன. ஏற்றுவதற்கு வந்த ஆளிடம், "முதலாளி இருக்காரா?" என்று கேட்டேன்.

"இருக்காரு மேடம், உள்ள ஆபீஸ்ல."

"நான் பாக்கணும்."

"ஏதாச்சும் பிரச்சனையா?"

"இல்ல. சும்மா."

அவன் வழி காட்டினான். பசை வாடை அடிக்கும் நீண்ட கூடத்தைத் தாண்டிப் போய்க் கதவைத் தள்ளினேன். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாக எழுந்தார். "என்ன மேடம், நீங்களே வந்துட்டீங்க?" என்றார்.

நான் அவர் பேசுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.